தூளி அசையும் வரை கிடைக்கும் நேரம்



எங்கள் தாயாரின் வலக்கால் பாதம் சர்க்கரை நோயால் எடுக்கப்பட்டபோது எனக்கு இருபத்தொன்பது வயது. என் தங்கை அப்போது பள்ளிச் சிறுமி. ஒரு சிறு புண், அது ஆறவில்லை, பின்னர் பாதமே போயிற்று. அதன் பிறகு அம்மா நான்கு ஆண்டுகள்தாம் வாழ்ந்தார்கள். ஆகையால், மூன்றாவது பிரசவத்துக்குப் பின் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைத் தங்கை என் கையில் கொடுத்தபோது, அதிலிருந்த எண்ணைவிட அம்மாவின் அந்தக் கால்தான் என் கண்முன் நின்றது.

நான் செங்கல்பட்டில் வசிக்கிறேன். தங்கை கோவளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவர் மாமல்லபுரத்தில் சிறு கடை நடத்துகிறார். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவார். மூத்த மகள் இரண்டாம் வகுப்பு, நடுவுள்ளவன் எல்.கே.ஜி., கடைக்குட்டிக்கு எட்டு மாதம். இந்த வீட்டில் உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் இருவரும் ஓராண்டுக் காலம் தேடிக் கண்ட விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரிசோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கர்ப்பத்தின்போது தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் அது இறங்கிவிட்டது; எல்லோரும் மறந்துவிட்டோம். பிரசவமான ஆறாவது வாரத்தில், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் பார்க்க வேண்டும் என்பதைப் பிரசவம் பார்த்த இடத்தில் எவரும் எங்களுக்கு வலியுறுத்திச் சொல்லவில்லை. எட்டாவது மாதத்தில் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் பார்த்தோம். 162 என்று வந்தது. 140க்குக் கீழே இருந்தால் இயல்பு. 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் இடைப்பட்டது எச்சரிக்கை நிலை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, அது வராத பெண்ணைவிட ஏழு முதல் பத்து மடங்கு வரை கூடுதல் என்றும் அந்த மருத்துவர் விளக்கினார்.

"வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் நடங்கள், சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டுங்கள்" என்பது அவருடைய அறிவுரை. இது வெறும் வாய்ச்சொல் அன்று. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இதே எச்சரிக்கை நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை ஏதும் காணப்படவில்லை. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயது ஆண்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்றிருக்கும் தாய்க்கு "தினம் அரைமணி நேரம் நட" என்பதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை நாம்தான் கண்டறிய வேண்டியிருந்தது.

தங்கை முதலில் செய்தது, நம்மில் பலரும் செய்யக்கூடியதே. சுபுஹுக்குப் பின் கடற்கரையில் முக்கால் மணி நேரம் நடப்பதென்று முடிவெடுத்தாள். மூன்றாம் நாள் குழந்தை அழுதது. ஐந்தாம் நாள் மகளின் சீருடை காயவில்லை. ஏழாம் நாள் அவள் போகவே இல்லை. பள்ளி வேன் போன பின் போகலாமென்றால், கோவளத்தில் எட்டரை மணி வெயிலும் கடலோரக் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து, வியர்வை உலராமல் தலை சுற்றிற்று. "என்னால் முடியாது அக்கா" என்று அழுதாள். முடியாமல் போனது அவளால் அன்று. ஒரே மூச்சாக முக்கால் மணி நேரம் என்ற அந்தக் கணக்கினால்தான்.

அந்தக் கணக்கு அவசியமில்லை என்பதை இப்போது உலகச் சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டுள்ளது. 2010இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில், பத்து நிமிடத்துக்குக் குறைந்த உழைப்பு கணக்கில் சேராது என்றிருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. நான்கு நிமிடமும் கணக்கு, ஆறு நிமிடமும் கணக்கு. இதற்கு உடலியல் காரணமும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது தானாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் இன்சுலினின் துணையை அது அதிகம் எதிர்பார்ப்பதில்லை. உழைத்து முடித்த பின்னும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை, அத்தசை இன்சுலினுக்கு எளிதில் இணங்குகிறது. ஆகவே ஒரு நாளில் எத்தனை நிமிடம் என்பதைவிட, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பதே முக்கியம்.

இதை வைத்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நாங்கள் இருவரும் அமர்ந்து அவளுடைய நாளைப் பிரித்துப் பார்த்தோம். எட்டேகாலுக்கு வேன் வரும். ஒன்பதரை அளவில் குழந்தை தூளியில் உறங்கும்; இருபது நிமிடமும் உறங்கலாம், முக்கால் மணியும் உறங்கலாம். பன்னிரண்டரைக்கு எல்.கே.ஜி. பையன் வந்துவிடுவான். பகல் சாப்பாட்டுக்கும் லுஹருக்கும் பின் குழந்தை மறுபடி உறங்கும். இது நீண்ட உறக்கம். நான்கு மணிக்கு மூத்தவள் வருவாள். இந்த நாளில் முழுதாக ஒரு மணி நேரம் எங்கும் இல்லை. ஆனால் சிறு துண்டுகள் பல இருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் இயல்புக்கேற்ற வேலையைக் கொடுத்தோம்.

வேன் போனதும், நிறுத்தத்திலிருந்து நேரே வீட்டுக்கு வராமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிழலுள்ள தெருக்கள் வழியாகச் சுற்றி வருவது: பன்னிரண்டு நிமிடம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகமே போதுமானது. பகல் உணவு முடிந்ததும் கூடத்துக்கும் பின்வாசலுக்கும் இடையே பத்து நிமிடம். சோறு உண்டபின் சுமார் ஒரு மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும். அந்த ஏற்றத்திலேயே தசை வேலை செய்தால் உச்சி தணியும். இதற்குக் குழந்தை உறங்க வேண்டியதில்லை. பையன் பின்னால் இரயில் வண்டியாக வருவான். இரவு உணவுக்குப் பின் மொட்டை மாடியில் இன்னொரு பத்து நிமிடம், முடிகிற நாளில்.

காலையில் வரும் குட்டி உறக்கம்தான் இரு கைகளும் விடுபடும் நேரம். ஆகவே தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை, வாரத்தில் மூன்று நாள், அங்கே வைத்தோம். நான்கே அசைவுகள். நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழுவது பத்து முறை. சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, மார்பு சுவரை நெருங்கும்வரை சாய்ந்து, தள்ளி நிமிர்வது பத்து முறை. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலே உயர்த்தி இறக்குவது பத்து முறை. ஐந்து கிலோ அரிசிப் பையை, ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் விலாப்பக்கம் இழுத்து இறக்குவது, கைக்குப் பத்து முறை. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். தூளி அசையாமல் இருந்தால் இரண்டு சுற்று. உடை மாற்ற வேண்டாம். பாய் விரித்தால் போதும்.

பிற்பகலின் நீண்ட உறக்கத்தில் என்ன பயிற்சி என்று தங்கை கேட்டாள். "நீயும் உறங்கு" என்றேன். இரவில் மூன்று முறை எழுந்து பாலூட்டும் தாய், பகலில் கிடைக்கும் ஒரே உறக்கத்தையும் பயிற்சிக்குக் கொடுத்தால், இரண்டு வாரத்தில் இரண்டும் போய்விடும். உறக்கக் குறைவு பசியைக் கூட்டும். இன்சுலினுக்கு உடல் இணங்குவதையும் குறைக்கும். அந்த நேரத்தைத் தொடவே இல்லை.

தொடங்குமுன் இரண்டு செய்திகளை அவசியம் பார்க்க வேண்டும். அறுவைப் பிரசவம் ஆனவர்கள் மருத்துவர் அனுமதித்த பின்பே இப்பயிற்சியில் இறங்க வேண்டும். மற்றவர்களும் வயிற்றைச் சோதித்துக்கொள்ளட்டும். மல்லாந்து முழங்கால் மடக்கிப் படுத்து, தலையைச் சற்றே தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக அழுத்திப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, கூரை முகடுபோல் வயிறு நடுவில் எழும்பினாலோ, வயிற்றுத் தசைகள் இன்னும் விலகியே இருக்கின்றன என்று பொருள். படுத்தபடி உடலைத் தூக்கி எழும் பயிற்சியை அவர்கள் செய்யலாகாது. இயன்முறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தங்கைக்கு ஏறத்தாழ இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதனால்தான் எழுந்து அமரும் பயிற்சி எங்கள் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, வெட்கப்பட்டு நாம் பேசாத ஒன்று. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவது பல தாய்மாருக்கு உண்டு. இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்ததே காரணம். சிறுநீரை அடக்குவதுபோல அத்தசையை உள்நோக்கிச் சுருக்கி, மூச்சை அடக்காமல் ஐந்து வினாடி வைத்து, ஐந்து வினாடி முழுமையாகத் தளர்த்த வேண்டும், பத்து முறை. பாலூட்டும்போதே செய்யலாம், அருகில் இருப்பவருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பயிலக் கூடாது. மற்றப் பயிற்சியின்போது கசிவு கூடினாலோ, கீழே கனம் இறங்குவதுபோல் தோன்றினாலோ, அந்த அசைவு இப்போதைக்கு அதிகம் என்று அறிந்து நிறுத்திவிடுங்கள். இரத்தப்போக்கு மீண்டும் தோன்றினாலும், தலை சுற்றினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் வாரத்தின் கணக்கை நாட்காட்டியில் குறித்து வைத்தாள். வேன் நடை நான்கு நாள், 48 நிமிடம். பகல் நடை மூன்று நாள் முழுதாக, 30 நிமிடம். இரண்டு நாள் குழந்தை அழுததால் ஆறும் நான்குமாகப் பத்து நிமிடம். இரவு இரண்டு நாள், 20 நிமிடம். மொத்தம் 108. தொலைபேசியில் சோர்ந்த குரலில் சொன்னாள். அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றாள். முறிந்துபோன அந்த ஆறும் நான்கும் கூடக் கூட்டலில் சேர்ந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். வேன் நடை ஐந்து நாளும், பகல் நடை ஆறு நாளும், இரவு நடை நான்கு நாளும் நடந்தால் 160 ஆகிவிடும். ஆறாவது வாரத்தில் அதை எட்டினாள்.

வலுவூட்டும் பயிற்சியில்தான் நாங்கள் ஒரு பிழை செய்தோம். குழந்தை விழித்து இடையில் நின்றுபோனால், அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்தே தொடங்கினாள். இரண்டு வாரம் கழித்து நாட்காட்டியைப் பார்த்தால், நாற்காலிப் பயிற்சி ஆறு முறை. அரிசிப் பை ஒரு முறைகூட இல்லை! கால் வலுத்தது, பாலூட்டிக் குனிந்து குனிந்து வலித்த முதுகு அப்படியே இருந்தது. அதன் பிறகு, விட்ட இடத்திலிருந்தே தொடங்குவதென்று விதி செய்தோம். சுவரோடு நின்றால் அடுத்த நாள் இடுப்பு உயர்த்துதல் முதல். ஒரே நாளில் நான்கும் முடியாவிட்டாலும் ஒரு வாரத்தில் நான்கும் சமமாக முடிந்துவிடும். குர்ஆன் ஓதும் பிள்ளை நிறுத்திய இடத்தில் அடையாளம் வைத்து மறுநாள் அங்கிருந்தே தொடர்வதை மதரஸாவில் நாள்தோறும் பார்க்கும் எனக்கு, இது முன்னமே தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

பத்து முறை செய்து முடித்த பின்னும் களைப்பே தெரியவில்லை என்றால், அது இனிப் போதாது என்று பொருள். தங்கை மூன்று எண்ணும்வரை மெதுவாக அமரத் தொடங்கினாள்; பிறகு குழந்தையை அணைத்தபடி எழுந்தாள். சுவருக்குப் பதில் அடுக்களை மேடை. குழந்தை வளர வளரச் சுமையும் தானே வளர்ந்தது!

பதினோராம் மாதத்தில் எல்லாம் கலைந்தது. குழந்தை காலை உறக்கத்தையே விட்டுவிட்டான். பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் பிள்ளைகள் பகலில் ஒரே உறக்கத்துக்கு மாறுவார்கள். இவன் சற்று முந்திவிட்டான். கூடவே பள்ளி விடுமுறை வந்து, வேனும் நின்றது. மூன்று வாரம் நாட்காட்டி வெறுமையாகக் கிடந்தது. நேரத்தைக் கடிகாரத்தோடும் உறக்கத்தோடும் கட்டியதுதான் இதற்குக் காரணம். அது மாறினால் பயிற்சியும் அறுந்துவிடுகிறது. ஆகவே எந்நாளும் மாறாத செயல்களோடு கட்டினோம். குக்கர் அடுப்பில் ஏறியதும் அடுக்களை மேடையில் ஒரு பயிற்சி. பகல் தட்டைக் கழுவியதும் நடை. அஸருக்குப் பின் பிள்ளைகளோடு மாடியில் ஒரு பயிற்சி, மகள் எண்ணிச் சொல்ல. விடுமுறையும் காய்ச்சலும் ரமளானும் வரும். அந்நாட்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவும் வைத்தோம்: ஒரு வேளை உணவுக்குப் பின் நடை, ஓர் அசைவு. ரமளானில் அது இஃப்தாருக்குப் பின் அமைந்தது.

ஓராண்டு முடிவில் மீண்டும் குளுக்கோஸ் குடித்துப் பரிசோதனை செய்தோம். 141. இயல்பு எல்லைக்கு வெளியேதான் இன்னும் நிற்கிறாள். ஆனால் 162 அன்று. இதில் பாதிப் பங்கு, இரவில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டியதற்கும் உண்டு. நடையால் மட்டும் வந்ததென்று நான் கூறமாட்டேன். மருத்துவரும் ஆண்டுதோறும் தவறாமல் பார்க்க வேண்டும், இன்னொரு கர்ப்பம் என்றால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்று கூறியிருக்கிறார்.

சென்ற மாதம் கோவளம் போயிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்து, தங்கை கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் பையன், அவன் பின்னால் தத்தித் தத்திக் கடைக்குட்டி. சுவரில் நாட்காட்டி, அதில் முழுக்கோடும் அரைக்கோடுமாக அவளுடைய கணக்கு. அம்மாவின் காலைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. "உட்காருங்கள் அக்கா, இன்னும் நாலு நிமிஷம்" என்றாள். நான் உட்காரவில்லை, அவர்களோடு சேர்ந்து நடந்தேன்.